கேள்வியை முதல் வரியில் வையுங்கள்

ஊரில் உள்ள டாக்டர் ஒருவர், நோயாளியைக் குடல் மருத்துவ நிபுணரிடம் அனுப்புகிறார். உதாரணத்துக்காக நான் அமைத்த சீட்டுதான் இது. ஆனால் இந்த மாதிரிச் சீட்டுகள் தினமும் எழுதப்படுகின்றன.

"61 வயது ஆண். 12 வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் எடுக்கிறார். முன்பு முழங்கால் வலிக்கு என்னிடம் வந்திருக்கிறார். மூன்று மாதமாகக் களைப்பு, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பசி குறைவு. அல்சர் என்று நினைத்து பேன்டோப்ரசோல் கொடுத்தேன். மெலிந்துவிட்டதாக மனைவி சொல்கிறார். ஹீமோகுளோபின் 7.9. இரும்புச்சத்து மாத்திரை தொடங்கினேன். மலம் கறுப்பாகப் போகிறதாம். இதயத்தில் ஸ்டென்ட் உண்டு. பார்த்து ஆவன செய்யவும்."

இதில் பொய் எதுவும் இல்லை, அக்கறையும் குறைவில்லை. டாக்டரின் நினைவுக்கு வந்த வரிசையில் செய்திகள் வந்திருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் வெளியே வரிசை நிற்கும்போது இதைப் படிக்கும் நிபுணருக்கு முதலில் வேண்டியது வேறு: என்னிடம் என்ன கேட்கிறார், எவ்வளவு அவசரம்? "ஆவன செய்யவும்" என்பதில் இரண்டுக்கும் பதில் இல்லை.

அறுபதைத் தாண்டிய ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தால், சாப்பாட்டுக் குறை என்று விட்டுவிட முடியாது. வயிற்றிலோ குடலிலோ எங்கோ ரத்தம் கசிகிறதா, அங்கே புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கடிதத்தின் கேள்வி இதுதான். ஆனால் 7.9 என்ற எண் ரத்தசோகையை மட்டுமே சொல்கிறது. காரணம் இரும்புக் குறைவுதான் என்று சொல்லவில்லை. பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடினால் ஃபெரிட்டின் 8 என்றும், ஒரு வருடம் முன்பு ஹீமோகுளோபின் 13.2 என்றும் கிடைக்கிறது. இப்போதுதான் கேள்விக்கு அடித்தளம் வருகிறது. மெலிந்தது எவ்வளவு? எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தால் 62 கிலோ; பழைய சீட்டில் 68.

கறுப்பு மலம்தான் சீட்டில் ஆளை ஏமாற்றும் இடம். இரும்பு மாத்திரையே மலத்தைக் கறுப்பாக்கும். வயிற்றில் ரத்தம் கசிந்தாலும் கறுக்கும். அப்போது அது தார் போலப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்துடன் இருக்கும். ஆகவே ஒரே ஒரு கேள்வியை நோயாளியிடம் திரும்பக் கேட்க வேண்டும்: "மாத்திரை தொடங்குவதற்கு முன்னாலேயே கறுப்பாகப் போச்சா?" இவர், ஆமாம், பத்து நாள் முன்னாலேயே என்கிறார். அந்தப் பத்து நாள் இல்லாமல் அந்த வரிக்கு மதிப்பே இல்லை.

அடுத்தது ஸ்டென்ட். சீட்டின் கடைசியில் ஒதுங்கிக் கிடக்கும் இதுதான் நிபுணரின் திட்டத்தையே மாற்றும். ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள். அவை ரத்தக் கசிவைக் கூட்டும். ஆனால் அவசரப்பட்டு நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பு வரலாம். எண்டோஸ்கோப்பியில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பதற்குப் பொதுவாக இவற்றை நிறுத்தத் தேவையில்லை. பெரிய பாலிப்பை அகற்றுவதென்றால் கணக்கு வேறு. எனவே "ஸ்டென்ட் உண்டு" போதாது; எப்போது வைத்தது, இப்போது என்ன மாத்திரை என்பது வேண்டும்.

முழங்கால் வலியை என்ன செய்வது? நான் அந்த வரியை அப்படியே அடிக்க மாட்டேன். வலி மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்பேன். அவை வயிற்றில் புண் உண்டாக்கக்கூடியவை. சாப்பிட்டால் மருந்துப் பட்டியலில் சேரும், இல்லையென்றால் முழங்காலுக்குக் கடிதத்தில் இடமில்லை.

திருத்திய கடிதம் இப்படி இருக்கும்:

"கோரிக்கை: எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி, இரண்டு வாரத்துக்குள் பார்க்க வேண்டுகிறேன். 61 வயது ஆண். இரும்புக் குறைவு ரத்தசோகை; குடல் புற்றுநோய் இல்லையென்று உறுதி செய்ய வேண்டும். ஹீமோகுளோபின் ஒரு வருடத்தில் 13.2இலிருந்து 7.9, ஃபெரிட்டின் 8. மூன்று மாதமாகக் களைப்பு, பசிக்குறைவு. எடை 68இலிருந்து 62 கிலோ. இரும்பு மாத்திரைக்குப் பத்து நாள் முன்பே கறுப்பு மலம்.

கவனிக்க: எட்டு மாதம் முன்பு ஸ்டென்ட், ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75 தொடர்கின்றன, நான் நிறுத்தவில்லை. மற்றவை: மெட்ஃபார்மின், பேன்டோப்ரசோல், இரும்பு. வலி மாத்திரை எடுப்பதில்லை. ரிப்போர்ட்டுகள் இணைப்பில். புற்றுநோய்ச் சந்தேகத்தை நோயாளியிடம் சொல்லியிருக்கிறேன்."

கடைசி வாக்கியம் இல்லாவிட்டால், நிபுணர் வாயைத் திறந்ததும் நோயாளி அதிர்ந்து போவார். இரும்பு மாத்திரையை எழுதியதற்கும் காரணம் உண்டு: கொலோனோஸ்கோப்பிக்குச் சுமார் ஒரு வாரம் முன்பே அதை நிறுத்தாவிட்டால், கறுத்த கசடு குடல் சுவரை மறைத்துவிடும்.

சீட்டைத் திருத்துபவர் உதவியாளராக இருந்தால் அவருக்கு ஓர் எல்லை உண்டு. ஸ்டென்ட் தேதி தெரியாவிட்டால் "தேதி தெரியவில்லை" என்றே எழுத வேண்டும். ஊகித்து நிரப்பக் கூடாது. "சந்தேகம்" என்று டாக்டர் சொன்னதை "நோய்" என்று உயர்த்தவும் கூடாது. கடிதம் முடிந்ததும் டாக்டர் படித்துக் கையெழுத்திட வேண்டும்.

இதே நோயாளிக்குத் தார் போன்ற மலம் நிற்காமல் போய், தலைசுற்றி, நாடி வேகமாகத் துடித்தால் கடிதத்தை அழகுபடுத்திக்கொண்டிருக்கக் கூடாது. ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, அவசரப் பிரிவுக்குப் போன் செய்து ஸ்டென்ட் விஷயத்தை முதலில் சொல்ல வேண்டும்.