விதியும் விலக்கும்

"மூணு கொட்டேஷன் வாங்காம இங்கே எதையும் வாங்கறதில்லை" என்பார் தொழிற்சாலையின் கொள்முதல் மேலாளர். அதை அப்படியே எழுதிக்கொண்டு எழுந்துவிடக் கூடாது. "கடைசியா வாங்கின ஃபைலைக் காட்ட முடியுமா சார்?" என்று கேட்க வேண்டும்.

ஃபைலில் பில் தேதிக்கு மறுநாள்தான் பர்ச்சேஸ் ஆர்டர் போட்டிருக்கும். இரவில் பேரிங் உடைந்து மெஷின் நின்றதால், ஸ்டோர் பொறுப்பாளர் போனிலேயே சொல்லிப் பொருளை வரவழைத்திருப்பார்.

மேலாளர் பொய் சொல்லவில்லை. விதியைச் சொன்னார், விலக்கைச் சொல்லவில்லை. ஆவணத்தில் இரண்டும் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு படியையும் யார் செய்கிறார், எது வந்ததும் தொடங்குகிறார், எந்தத் தாள் கைமாறுகிறது என்று எழுதிவிட்டு, 'மெஷின் நின்றுவிட்டதா?' என்ற கேள்வியில் பாதையைப் பிரிக்க வேண்டும். அவசரத்துக்கு எவ்வளவு தொகைவரை யார் ஒப்புதல் தரலாம் என்பதை எழுதுபவர் ஊகிக்கக் கூடாது. மேலாளரிடமே கேட்க வேண்டும். வரைவை ஸ்டோர் பொறுப்பாளருக்கும் படித்துக் காட்டிய பிறகே மேலாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.