பல்லும் பலவும்: புத்தகப் பக்கத்தைப் படமெடுக்கும் முறை

கைப்பேசியில் எடுத்த புத்தகப் பக்கம் நம் கண்ணுக்குத் தெளிவாகத்தான் இருக்கும். அதையே எழுத்துணரி மென்பொருளுக்குக் கொடுத்தால், ‘பல் போயிற்று’ என்ற வரி ‘பல போயிற்று’ என்று வந்து நிற்கும். இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள் என்பதால் பிழைதிருத்திக்கு இதில் சந்தேகமே வராது. மூலத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் படிப்பவரும் தாண்டிப் போய்விடுவார். நூலக வகுப்பில் பழைய புத்தகங்களைப் படமெடுத்துத் தட்டச்சு வடிவத்துக்குக் கொண்டுவரப் போகிறவர்கள், வேறு எதைக் கவனிக்காவிட்டாலும் மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளியைக் கவனிக்க வேண்டும். மோசமான படத்தில் முதலில் காணாமல் போவது அதுதான்.

ஒரு சாதாரண நாவலை எடுத்துக்கொள்வோம். பக்கம் 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். அச்சிலுள்ள புள்ளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். 12 மெகாபிக்சல் கைப்பேசியின் படம் 4000க்கு 3000 பிக்சல். புத்தகத்தை விரித்து இரண்டு பக்கத்தையும் சேர்த்து, ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு எடுத்தால் 30 செ.மீ.க்கு 4000 பிக்சல். ஒரு மில்லிமீட்டருக்கு 13. புள்ளிக்கு ஆறு பிக்சல் கிடைக்கும். அது போதும். ஆனால் நின்றபடியே எடுத்து, சட்டத்தின் நீளத்திலும் அகலத்திலும் பாதி மேசையாகவே இருந்தால் புள்ளிக்கு மூன்றுதான் மிஞ்சும். எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால், நீளப்பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கி, நன்றாக எடுத்த படத்திலும் புள்ளி இரண்டு மூன்று பிக்சல் கறையாகிவிடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் சுருங்காது.

ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக எடுப்பதே மேல். கைப்பேசியைப் பக்கத்தின் உயரத்துக்கு இணையாகப் பிடித்தால் புள்ளிக்கு எட்டு பிக்சல் வரும். இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு பக்கம் சேர்ந்த படத்தில் மென்பொருள் சில சமயம் இடப்பக்க வரியை முடிக்காமல் வலப்பக்க வரியோடு ஒட்டிவிடும். அந்தச் சிக்கல் இதில் கிடையாது.

நடு மடிப்பருகே வரிகள் வளைவதும் இருள்வதும்தான் அடுத்த தொல்லை. புத்தகத்தை அழுத்தி விரிக்காதீர்கள், பழைய தையல் விட்டுப்போகும். பாதி மட்டும் திறந்து, நிமிர்ந்து நிற்கும் பாதிக்கு இரண்டு கனத்த புத்தகங்களை முட்டுக் கொடுத்து, மேசையில் தட்டையாகப் படிந்த பக்கத்தை எடுங்கள். வலப்பக்கங்கள் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட்டு, புத்தகத்தைத் திருப்பி வைத்து இடப்பக்கங்களுக்கு வரலாம். ஒற்றைப்படை எண்கள் ஒரு கோப்புறையிலும் இரட்டைப்படை எண்கள் இன்னொன்றிலும் இருந்தால் பின்னர் அடுக்குவது எளிது. பக்க எண் படத்துக்குள் விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் வரட்டும். தலைக்கு நேர்மேலே விளக்கு இருந்தால் கைப்பேசியின் நிழலே பக்கத்தில் விழும். ஃபிளாஷ் போட்டால் வழவழப்பான தாளின் நடுவே வெள்ளைத் திட்டு விழுந்து அங்குள்ள எழுத்தைத் தின்றுவிடும்.

மெல்லிய தாளில் பின்பக்க அச்சும் மங்கலாகத் தெரியும். அதன் துணுக்கு ஒன்று எழுத்தின் தலைக்கு மேல் வந்து உட்கார்ந்தால், இல்லாத புள்ளி முளைத்து ‘பல’ ‘பல்’ ஆகும். எடுக்கும் பக்கத்தின் அடியில் ஒரு கறுப்பு சார்ட் தாளைச் செருகினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஸ்கேனர் செயலிகளின் ‘கறுப்பு வெள்ளை’ வடிகட்டியை நான் வேண்டாம் என்பேன். படம் பளிச்சென்று தெரியும், உண்மைதான். ஆனால் மை மங்கிய புள்ளியை அது வெள்ளை என்று முடிவு கட்டி அழித்துவிடும். ஏகார, ஓகாரக் குறில் நெடிலைப் பிரிக்கும் மெல்லிய சுழிகளும் அதோடு போகும். வண்ணப் படமாகவே வைத்துக்கொண்டால், எப்போது வேண்டுமானாலும் கறுப்பு வெள்ளையாக்கிக்கொள்ளலாம். திரும்ப மாற்றத்தான் முடியாது.

முதல் படத்தை எடுத்ததுமே பெரிதாக்கி நான்கு மூலைகளிலும் ஒரு ‘ண்’ அல்லது ‘ம்’ தேடுங்கள். புள்ளி உருண்டையாக, எழுத்துக்கும் அதற்கும் நடுவே வெள்ளை இடைவெளியோடு இருக்க வேண்டும். நடுவில் நன்றாக இருந்து ஒரு பக்க ஓரத்தில் மட்டும் கலங்கியிருந்தால் கைப்பேசி சாய்ந்திருக்கிறது. எல்லா இடத்திலும் கலங்கினால் கை ஆடியிருக்கும், அல்லது கைப்பேசி மிக நெருங்கியிருக்கும். எழுத்தின் மேல் தொட்டுக் குவியத்தைச் சரிசெய்து, கொஞ்சம் விலகி எடுங்கள்.

எவ்வளவு நல்ல படமானாலும் தீராத பிரச்சினை ஒன்று உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகங்களில் லை, னை, ணா, றா போன்றவை பழைய வடிவத்தில் இருக்கும். இன்றைய எழுத்துருவில் பழகிய மென்பொருள் அங்கே தடுமாறும். முதல் பத்துப் பக்கத்தை ஒப்பிட்டு, எந்தப் பழைய எழுத்தை அது என்னவாகப் படிக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால், அடுத்த பக்கங்களைத் திருத்துபவருக்கு எங்கே கண் வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.