60 மணியா, 44 மணியா? ஓடி கணக்கைச் சரிபார்ப்பது எப்படி

சிங்கப்பூரில் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் பலருக்கு, ஊருக்கு அனுப்பும் பணத்தில் பெரும்பங்கு ‘ஓடி’யில் இருந்துதான் வருகிறது. பேசிக் மாதாமாதம் மாறாது. ஓடி மட்டும் ஏறும், இறங்கும். அதனால் தவறு நுழைந்தாலும் அது தவறாகத் தெரியாது. ‘இந்த மாதம் வேலை குறைவு போல’ என்று நினைத்துக்கொண்டு அடுத்த மாதத்துக்கு நகர்ந்துவிடுகிறோம்.

அந்தத் தவறைப் பிடிக்க வழி இருக்கிறது. 2016 ஏப்ரல் முதல், விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது சிங்கப்பூர் முதலாளிகளுக்குச் சட்டப்படி கட்டாயம். அதில் பேசிக், அலவன்ஸ், பிடித்தம் ஆகியவற்றோடு எத்தனை மணி ஓடி, அதற்கு எவ்வளவு பணம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரைக்குமான ஓடி என்பதும் தனித்தனியாக இருக்க வேண்டும். அந்த மூன்று விவரங்களையும், தொழிலாளி தன் கைப்பட எழுதிவைத்த நேரக் குறிப்போடு பொருத்திப் பார்ப்பதுதான் வேலை.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒரு தொழிலாளியின் பேசிக் 800 வெள்ளி. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 மணிக்குத் தொடங்கி இரவு 7 மணிக்கு முடிக்கிறார். நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. சனிக்கிழமை 8 முதல் 5 வரை, அன்றும் ஒரு மணி நேரம் சாப்பாடு. ஞாயிறு விடுமுறை. மாதத்துக்கு 30 நாள், அதில் 22 வாரநாள், 4 சனி, 4 ஞாயிறு. அரசு விடுமுறை எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

சாதாரண வேலைநேரம் வாரத்துக்கு 44 மணி என்கிறது சட்டம். ஐந்து நாளும் எட்டெட்டு மணி என்றால் 40. மீதி 4 மணிதான் சனிக்கிழமைக்கு. ஆகவே வாரநாளில் தினம் 2 மணி ஓடி, சனிக்கிழமையில் 4 மணி ஓடி. மாதத்துக்கு 44-உம் 16-உம் சேர்ந்து 60 மணி. இது அவருடைய நோட்டுப் புத்தகம் சொல்லும் கணக்கு.

சம்பளச் சீட்டிலோ ‘ஓடி 44 மணி, 253.88 வெள்ளி’ என்று இருக்கிறது.

முதலில் மணியைப் பார்க்கலாம். விடுபட்ட 16 மணி, நான்கு சனிக்கிழமைகளின் ஓடியோடு அப்படியே பொருந்துகிறது. அதாவது கம்பெனி சனிக்கிழமையையும் எட்டு மணி சாதாரண வேலைநாளாக எடுத்து, வாரத்துக்கு 48 மணி என்று கணக்குப் போட்டிருக்கிறது. இது தேதிவாரியாக எழுதியவருக்குத்தான் தெரியும். மாதக் கடைசியில் மொத்த மணியை மட்டும் நினைவில் வைத்திருப்பவருக்கு 16 மணி குறைந்தது புரியலாம். எந்த 16 மணி என்று அவரால் சொல்ல முடியாது.

அடுத்தது மணிக்கு எவ்வளவு என்ற விகிதம். 253.88-ஐ 44-ஆல் வகுத்தால் 5.77 வருகிறது. சட்டத்தின் கணக்கு வேறு: மாத பேசிக்கை 12-ஆல் பெருக்கி, 52 வாரம் × 44 மணி, அதாவது 2,288-ஆல் வகுக்க வேண்டும். 9,600-ஐ 2,288-ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் 4.20 வெள்ளி. ஓடிக்கு ஒன்றரை மடங்கு என்றால் 6.29. கம்பெனி 800-ஐ 26 நாள், நாளுக்கு 8 மணி என்று 208-ஆல் வகுத்திருக்கிறது. அதனால்தான் 5.77. மணியைக் குறைத்த அதே 48 மணி வாரம், விகிதத்தையும் குறைத்திருக்கிறது.

60 மணிக்கு 6.29 வீதம் வர வேண்டியது 377.40 வெள்ளி. வந்தது 253.88. அந்த ஒரு மாதத்தில் மட்டும் 123.52 வெள்ளி குறைகிறது.

இதே தொழிலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி கூப்பிட்டு முழுநாள் வேலை செய்திருந்தால், அதை ஓடியோடு சேர்க்கக் கூடாது. ஓய்வுநாளில் முதலாளி கேட்டு, வழக்கமான வேலைநேரத்தில் பாதிக்கு மேல் செய்த வேலைக்கு இரண்டு நாள் பேசிக் சம்பளம் தர வேண்டும். இந்தப் பேசிக்குக்கு அது 61 வெள்ளிக்குக் குறையாது. எட்டு மணி ஓடி என்று எழுதினால் 50 வெள்ளிதான் கிடைக்கும். தொழிலாளி தானாகக் கேட்டு வந்திருந்தால் அதில் பாதிதான். ஆகவே யார் கூப்பிட்டார்கள் என்பதையும் அன்றைய குறிப்பில் எழுத வேண்டும். சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டிருந்தால் அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

குறைவு தெரிந்ததும் ஆபீஸுக்குப் போகுமுன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுவது நல்லது. ஒன்று, சீட்டில் உள்ள ஓடி தேதிகள். சில கம்பெனிகள் சம்பளத்தை மாத முதல் தேதியிலிருந்தும், ஓடியை முந்தைய மாத நடுவிலிருந்தும் கணக்கிடும். ஓடிப் பணத்தைச் சம்பளக் காலம் முடிந்து 14 நாள் வரை தரலாம் என்றும் சட்டம் இடம் கொடுக்கிறது. தேதி பொருந்தாமல் மணியை ஒப்பிட்டால் இல்லாத குறை தெரியும். இன்னொன்று, சாப்பாட்டு நேரமும் தேநீர் இடைவேளையும் வேலைநேரத்தில் சேராது. குறிப்பில் அவற்றைக் கழித்தே எழுத வேண்டும்.

பேசிக் எது என்பதிலேயே தகராறு வருவதும் உண்டு. ஊரில் இருக்கும்போதே கைக்கு வரும் ஐபிஏ கடிதத்தில் ஒரு தொகை, இங்கே வந்தபின் கையெழுத்து வாங்கும் ஒப்பந்தத்தில் அதைவிடக் குறைந்த தொகை. பேசிக் குறைந்தால் ஓடி விகிதமும் தானாகக் குறையும். இப்படி ஒரு வழக்கு 2017-இல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மனிதவள அமைச்சிடம் முதலாளி அறிவித்து, ஐபிஏவில் இடம்பெற்ற தொகையே பேசிக் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்றால் அதை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டை நீதிமன்றம் எடுத்தது. ஐபிஏ தாளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

குறிப்பு எழுதுவதற்குத் தனி ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. தாள் கழன்று வராத ஒரு நோட்டு, தினம் ஒரு வரி: தேதி, சைட், உள்ளே போன நேரம், சாப்பாட்டு நேரம், வெளியே வந்த நேரம், சூப்பர்வைசர் பெயர். அன்றன்றே எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்தை மொத்தமாக எழுதினால் எல்லா நாளும் ஒரே மாதிரி அமைந்துவிடும், பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும். டைம் கார்டை ஒப்படைக்குமுன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். வெற்றுக் கார்டில் கையெழுத்துப் போடவே கூடாது. பின்னால் அதில் எழுதப்படும் மணிகள் நம் கையெழுத்தோடு நமக்கு எதிராகவே நிற்கும்.

ஓடிக்கு மாதம் 72 மணி என்ற உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டி வேலை வாங்கிவிட்டு, சீட்டில் 72 என்றே எழுதும் இடங்களில் நோட்டின் மதிப்பு இன்னும் கூடும். வரம்பை மீறியது முதலாளி. செய்து முடித்த வேலைக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும்.

ஆபீஸில் கேட்டும் சரியாகவில்லை என்றால், டாடம் எனப்படும் முத்தரப்புச் சர்ச்சை நிர்வாகக் கூட்டணியில் புகார் கொடுக்கலாம். அங்கே முதலில் சமரசம் பேசுவார்கள். முடியாவிட்டால் வேலை தொடர்பான கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்துக்குப் போகும். அங்கே எடுத்துச் செல்ல வேண்டியவை சம்பளச் சீட்டுகள், நோட்டு, டைம் கார்டு படங்கள், ஐபிஏ, பிறகு ஒரு தாளில் மாதவாரியாக மூன்று கட்டங்கள்: செய்த மணி, சீட்டில் உள்ள மணி, குறையும் தொகை. வேலையில் இருப்பவர் கடந்த ஓராண்டுக்குள் விடுபட்ட பணத்தைத்தான் கேட்க முடியும். வேலையை விட்டவர் கடைசி வேலைநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் புகாரைப் பதிவு செய்துவிட வேண்டும்.