காலையில் மறையும் தடிப்பும், காத்திருக்கக் கூடாத வீக்கமும்

டாக்டரிடம் போகும் நேரத்தில் மட்டும் தடிப்பு இருக்காது. காணாக்கடியால் மாதக்கணக்கில் அவதிப்படுகிற யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். இரவெல்லாம் தொடையிலும் முதுகிலும் திட்டுத் திட்டாகத் தடித்து, சொறிந்து சொறிந்து தூக்கம் போயிருக்கும். காலையில் தோல் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். வீட்டில் இருப்பவர்களே நம்ப மாட்டார்கள்.

இப்படி வந்து மறைவதுதான் இந்த நோயின் அடையாளம். அர்ட்டிகேரியா என்று மருத்துவர்கள் எழுதும் இந்த நோயில், ஒரு தடிப்பு பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வடு இல்லாமல் மறைந்து, வேறோர் இடத்தில் புதிதாக எழும். ஐயம் இருந்தால் ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். வட்டத்துக்குள் தோல் தெளிந்திருந்தால் இது காணாக்கடி. அதே இடத்தில் அப்படியே நின்று, அரிப்பைவிட எரிச்சலும் வலியும் மிகுந்து, மறையும்போது காயம் பட்டதுபோல் கன்றிய நிறம் விட்டால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அதற்குத் தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டிவரும். செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், தோல் தெளிந்திருக்கும் நாளிலும் டாக்டருக்குக் காட்டலாம்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் மெஷினில் வேலை பார்க்கும் 34 வயதுப் பெண். நான்கு மாதமாகத் தடிப்பு. கத்தரிக்காயை நிறுத்தினார், கருவாட்டை நிறுத்தினார். பிறகு முட்டை, நிலக்கடலை, தக்காளி. கடைசியில் தயிர் சாதமும் ரசமுமாக உடல் இளைத்துவிட்டது, தடிப்பு இளைக்கவில்லை. தோல் மருத்துவரிடம் போய், "எதைச் சாப்பிட்டாலும் வருது மேடம்" என்கிறார். அவர் திருப்பிக் கேட்கிறார்: "சரிம்மா, ஒண்ணுமே சாப்பிடாம விரதம் இருந்த அன்னைக்கு?" யோசித்துவிட்டு இவர் சொல்கிறார்: "அன்னைக்கும் வந்துச்சு மேடம்."

இந்த ஒரு கேள்வியில் பாதி விடை கிடைத்துவிடுகிறது. உணவு ஒவ்வாமை ஒளிந்து விளையாடாது. ஒருவருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்றால், சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள், சாப்பிடும் ஒவ்வொரு முறையும் உடம்பு அதைக் காட்டிவிடும். ஆறு வாரங்களுக்கு மேல், பெரும்பாலான நாட்களில், சாப்பாட்டோடு சம்பந்தம் இல்லாமல் வரும் தடிப்புக்கு உணவு காரணமாக இருப்பது மிக அரிது. ஆறு வாரம் என்பதுதான் மருத்துவம் போட்டிருக்கும் எல்லை. அதற்குள் அடங்கினால் திடீர் காணாக்கடி. சளி, காய்ச்சல் போன்ற வைரஸ் தொற்று, புதிதாகத் தொடங்கிய ஆன்டிபயாட்டிக், பூச்சிக்கடி, உணவு என்று அதற்குப் பெரும்பாலும் ஏதாவது தூண்டுதல் இருக்கும். அதைத் தாண்டித் தொடர்ந்தால் நாள்பட்டது.

நாள்பட்டதில் கோளாறு உள்ளேயே இருக்கிறது. தோலுக்கடியில் மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. இவை ஹிஸ்டமின் என்ற பொருளைச் சேர்த்து வைத்திருப்பவை. கிருமியோ விஷமோ நுழையும்போது அதை வெளியே விடுவது இவற்றின் வேலை. ஹிஸ்டமின் பட்ட இடத்தில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்து நீர் கசியும், தோல் தடிக்கும், நரம்பு முனைகள் அரிக்கும். நாள்பட்ட காணாக்கடி உள்ளவர்களில் பலருக்கு, உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே இந்தச் செல்களை வெளி எதிரி யாரும் இல்லாமல் தூண்டிவிடுகிறது. இதே போக்கால் தைராய்டு கோளாறும் சேர்ந்து காணப்படுவது உண்டு. அதனால்தான் டாக்டர் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, உடலில் அழற்சி உண்டா என்று காட்டும் ஒரு சோதனை, தைராய்டு என்று சிலவற்றோடு நிறுத்திக்கொள்கிறார். நூறு உணவுப் பெயர்களைப் பட்டியலிட்டு லேப்களில் செய்யப்படும் அலர்ஜி பேனலுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். அதில் 'பாசிட்டிவ்' என்று வரும் உணவுகள் பலவற்றை அந்த மனிதர் ஆண்டுக்கணக்கில் சுகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அந்தத் தாளைப் பார்த்துப் பட்டினி கிடப்பவர்களை நினைத்தால் மனம் வலிக்கிறது.

ஆனாலும் எரிகிற நோயை ஊதிவிடுகிற சில உண்டு. முதலிடம் வலி மாத்திரைகளுக்கு. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வகைகள் நாள்பட்ட காணாக்கடிக்காரர்களில் கணிசமானவர்களுக்குத் தடிப்பைக் கிளப்பிவிடும். நம் தையல்காரப் பெண் மாதவிடாய் வலிக்கும் கழுத்து வலிக்கும் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்டுக்கொண்டது இவற்றில் ஒன்றுதான். கத்தரிக்காயைச் சந்தேகித்தவர் அதைச் சந்தேகிக்கவில்லை. பாரசிட்டமால் பெரும்பாலோருக்குத் தொந்தரவு தருவதில்லை. இரண்டாவது, தோல் மேல் விழும் அழுத்தம். பாவாடை நாடா இறுக்கும் இடுப்பிலும், பையின் வார் அழுத்தும் தோளிலும் தடிப்பு வரிசை கட்டும். சிலருக்குச் சில மணி நேரம் கழித்துத்தான் வரும் என்பதால் தொடர்பு புலப்படாது. வியர்வை, குளிர்ந்த நீர், தூக்கமின்மை, மன உளைச்சல் ஆகியவையும் சிலரிடம் தூண்டும். இவை எல்லாம் ஊதுகிறவை மட்டுமே. இவற்றைத் தவிர்த்தால் தணியும். முழுதாக நிற்க மருந்து வேண்டும்.

மருந்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. அரிக்கும்போது ஒரு அவில், தாங்கவில்லை என்றால் ஒரு ஊசி என்று ஓட்டுகிறார்கள். அவில் பழைய தலைமுறை ஆன்டிஹிஸ்டமின். மூளைக்குள் நுழைந்து மந்தப்படுத்தும். மறுநாள் மெஷின் முன்னால் உட்காரும் விரலுக்கும், பைக் ஓட்டுகிறவருக்கும் அது ஆபத்து. ஊசியாகவோ சின்ன மாத்திரையாகவோ தரப்படும் ஸ்டீராய்டு அன்றிரவே தடிப்பை அடக்கிவிடும், நிறுத்தினால் திரும்பும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்பு என்று விலை கேட்கும். கடுமையான நேரத்தில் சில நாட்களுக்கு டாக்டர் தருவது வேறு, கடையில் கேட்டு வாங்கிப் பழகுவது வேறு.

இன்று முதலில் தர வேண்டியது தூக்கம் குறைவாகத் தரும் புதிய தலைமுறை ஆன்டிஹிஸ்டமின். பெரியவர்களுக்கு லெவோசெட்ரிசின் 5 மி.கி., ஃபெக்ஸோஃபெனாடின் 180 மி.கி., பிலாஸ்டின் 20 மி.கி. இவற்றில் ஏதாவது ஒன்று. தினமும் ஒன்று, தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஹிஸ்டமின் போய் உட்காரும் இடங்களை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்வதுதான் இந்த மருந்தின் வேலை. தடித்த பிறகு போட்டால், கசிந்த நீரை அது உள்ளே இழுத்துவிடாது. ஃபெக்ஸோஃபெனாடினை ஆரஞ்சு, ஆப்பிள் பழச்சாறோடு விழுங்கினால் உடலில் ஏறுவது குறையும், தண்ணீர்தான் சரி. பிலாஸ்டினை வெறும் வயிற்றில் போட வேண்டும். லெவோசெட்ரிசின் சிலருக்குத் தூக்கம் தரும், அவர்கள் இரவில் போடலாம்.

நம் பெண்ணுக்கு டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதி, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்கிறார். அரிப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று ஆக்குகிறார். வழக்கமான அளவைப்போல நான்கு மடங்கு வரை உயர்த்தலாம் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட சிகிச்சை முறை. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், முதியவர்கள், கர்ப்பிணிகளுக்குக் கணக்கு மாறும் என்பதால், இதை டாக்டர்தான் செய்ய வேண்டும். இரண்டு மாத்திரையில் தடிப்பு அடங்கிவிடுகிறது. சில மாதங்கள் அப்படியே வைத்திருந்து, மெல்லக் குறைத்துப் பார்ப்பார்கள். நான்கு மடங்கிலும் அடங்காதவர்களுக்கு ஓமாலிஸுமாப் என்ற ஊசி உண்டு. நான்கு வாரத்துக்கு ஒருமுறை 300 மி.கி. தோலுக்கடியில் போடுவது. நன்றாக வேலை செய்கிறது, விலைதான் பலருக்கு எட்டாத உயரம். நோய் பலருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானே அணைந்துவிடும், சிலருக்கு ஐந்து ஆண்டையும் தாண்டும்.

இனி வீக்கம். ஒருநாள் காலை இதே பெண் கண் விழிக்கும்போது மேலுதடு ஒரு பக்கமாக வீங்கித் தொங்குகிறது. தோலின் ஆழத்தில் நீர் கசிந்தால் இப்படி ஆகும். நாள்பட்ட காணாக்கடி உள்ளவர்களில் பலருக்கு உதடும் இமையும் இவ்வாறு வீங்குவது உண்டு. பேச்சு தெளிவாக இருந்து, எச்சில் சிரமமின்றி விழுங்க முடிந்து, மூச்சு இயல்பாக இருந்தால் பெரும்பாலும் அது உயிருக்கு ஆபத்தில்லை. வடிய இரண்டு மூன்று நாள் கூட ஆகும். அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கீழே சொல்வது நேர்ந்தால் அது வேறு கதை. நாக்கு தடித்துப் பேச்சு குழறுகிறது, குரல் கம்முகிறது, தொண்டையை யாரோ இறுக்குவதுபோல் இருக்கிறது, எச்சிலை விழுங்க முடியாமல் வடிகிறது, மூச்சு இழுக்கும்போது சத்தம் வருகிறது. அல்லது குளவி கொட்டியோ, ஊசி போட்டோ, ஒத்துக்கொள்ளாத உணவு சாப்பிட்டோ சில நிமிடங்களில் தடிப்போடு வாந்தி, மூச்சிரைப்பு, தலைசுற்றல், மயக்கம் வருகிறது. இது அனஃபிலாக்ஸிஸ். 108-ஐ அழையுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் மட்டும் உட்கார விடுங்கள். எழுப்பி நடக்க வைக்காதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி. பெரியவர்களுக்கு அரை மி.கி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். தேறாவிட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடியும். அவிலும் ஸ்டீராய்டும் அதற்கு ஈடாகாது, அவற்றைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்திருக்கும் நேரத்தில் தொண்டை அடைத்துவிடும். தேறிய பின்னும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும், இரண்டாவது அலை வருவது உண்டு.

இன்னொரு வீக்கம் ஏமாற்றும். தடிப்பே இல்லை, அரிப்பும் இல்லை. உதடோ நாக்கோ மட்டும் வீங்குகிறது. வீட்டில் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் பெரியவருக்கு இப்படி ஆனால், மாத்திரை அட்டையைப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் பெயராக இருக்கலாம். இதில் குற்றவாளி ஹிஸ்டமின் அல்ல, பிராடிகைனின் என்ற வேறு பொருள். அதனால் ஆன்டிஹிஸ்டமின் கேட்காது. ஆண்டுக்கணக்கில் ஒத்துக்கொண்ட மாத்திரையே ஒருநாள் இதைச் செய்யும். நாக்கு வீங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அட்டையையும் கையோடு கொண்டுபோக வேண்டும். டாக்டர் வேறு வகை மாத்திரைக்கு மாற்றிவிடுவார், பழைய வகையை இனி எந்தப் பெயரிலும் தொடக்கூடாது. நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு வீக்கம் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.