டிவியில் யூடியூப் நின்றுபோன நாள்

2015 ஏப்ரல் 20 முதல், வாங்கி மூன்று நான்கு வருடமே ஆன பல ஸ்மார்ட் டிவிகளில் ஒரே மாதிரியான கோளாறு தெரிய ஆரம்பித்தது. யூடியூப் ஆப்பைத் திறந்து எந்தப் பட்டியலுக்குள் போனாலும், இந்தக் கருவியில் இனி யூடியூப் கிடைக்காது என்று சொல்லும் ஒரே வீடியோ வந்து நின்றது. டிவி பழுதாகவில்லை, இணைய இணைப்பிலும் குறையில்லை. அந்த ஆப் பேசிக்கொண்டிருந்த பழைய வாசலை யூடியூப் மூடத் தொடங்கியிருந்தது.

இந்த வாசலுக்குத்தான் ஏபிஐ என்று பெயர். ஒரு நிறுவனத்தின் சர்வரிடம் வெளியாருடைய மென்பொருள் எந்த முகவரியில், எந்த வடிவத்தில் கேட்க வேண்டும், பதில் எப்படி வரும் என்ற ஏற்பாடு அது. அந்த டிவிகளில் இருந்த ஆப், யூடியூப் ஏபிஐயின் இரண்டாம் பதிப்பை நம்பி எழுதப்பட்டது. கர்நாடக இசை என்று தேடினால் அது ஏறக்குறைய இப்படிக் கேட்கும்:

```
http://gdata.youtube.com/feeds/api/videos?q=carnatic
```

கேட்பவர் யார் என்று சொல்லக்கூடத் தேவையில்லை. தலைப்பு, படம், வீடியோவின் நீளம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதெல்லாம் ஒரே பதிலில், எக்ஸ்எம்எல் வடிவத்தில் வந்துவிடும். மூன்றாம் பதிப்பில் இதே கேள்வி வேறு மாதிரி:

```
https://www.googleapis.com/youtube/v3/search?part=snippet&q=carnatic&key=...
```

முகவரியை மட்டும் மாற்றி எழுதினால் போதும் என்று நினைத்தவர்கள் இங்கேதான் சிக்கினார்கள். கடைசியில் இருக்கும் key, மென்பொருளை எழுதியவர் கூகுளிடம் பதிவு செய்து பெற வேண்டிய அடையாளச் சாவி. பதில் ஜேசன் என்ற வேறு வடிவத்தில் வருகிறது. அதிலும் நீளமும் பார்வை எண்ணிக்கையும் இருக்காது. கிடைத்த வீடியோக்களின் அடையாளக் குறிகளைக் கொடுத்து இரண்டாவது முறை தனியாகக் கேட்க வேண்டும். பழைய பதிலைப் பிரித்துப் படிக்க எழுதிய நிரல் முழுவதையும் திருத்தியாக வேண்டும்.

யூடியூப் சொல்லாமல் கொள்ளாமல் இதைச் செய்யவில்லை. இரண்டாம் பதிப்பைக் கைவிடப் போவதாக 2014 மார்ச் 4 அன்றே அறிவித்துவிட்டது. ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. இணையதளம் நடத்துபவருக்கு அது தாராளம்: தன் சர்வரில் உள்ள நிரலைத் திருத்திவிட்டால் மறுநாள் எல்லா வாசகருக்கும் சரியாகிவிடும். டிவியின் கதை அப்படியல்ல. ஆப் ஒவ்வொரு வீட்டிலும் உள்ள பெட்டிக்குள் பதிந்திருக்கிறது. டிவி கம்பெனி புது மென்பொருள் எழுதி அனுப்பினால்தான் அது மாறும். விற்று முடித்த பழைய மாடலுக்கு அந்த வேலையை மெனக்கெட்டுச் செய்யக் கம்பெனிக்கு வருமானம் ஒன்றும் இல்லை. அறிவிப்பு நிரல் எழுதுபவர்களுக்குப் போனது; இழப்பு காசு கொடுத்து டிவி வாங்கியவருக்கு வந்தது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஒரு டிவியைப் பத்து வருடம் வைத்திருப்பவர்களுக்கு, அதன் ஆப் எத்தனை வருடம் ஓடும் என்பதை விற்கும்போதே எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும்.

யூடியூப் அறிவித்த விதத்திலும் கவனிக்க ஒன்று உண்டு. சாவியே கேட்காத வாசலில் வந்து போனவர்கள் யாரென்று முழுமையாகத் தெரிந்திருக்க முடியாது. அதனால்தான் எச்சரிக்கையைப் பதிலுக்குள்ளேயே ஒரு வீடியோவாக வைத்தார்கள் என்று நினைக்கிறேன். பார்ப்பவருக்கு நேராகப் போய்ச் சேரும் வழி அது. ஆனால் கண்காணிக்கும் நிரல்களுக்கு அது கண்ணில் படாது. சர்வர் பதில் தருகிறது, பட்டியலின் வடிவமும் சரியாக இருக்கிறது, ஆகவே எல்லாம் நலம் என்றே அவை குறித்துக்கொள்ளும். உள்ளே இருப்பது கேட்ட பாட்டா, எச்சரிக்கையா என்று அவை பார்ப்பதில்லை.

முழுதாக மூடிய பிறகு வந்த பதில் வேறு: 410 என்ற எண். இணையத்தில் 404 என்றால் தேடியது கிடைக்கவில்லை என்று பொருள். முகவரியில் எழுத்துப் பிழைகூடக் காரணமாக இருக்கலாம். 500, 503 என்று வந்தால் சர்வரில் ஏதோ தடங்கல், சற்றுப் பொறுத்து மறுபடி கேட்கலாம். 410 என்றால் இங்கே இருந்தது நிரந்தரமாக எடுக்கப்பட்டுவிட்டது, இனிக் கேட்டுப் பயனில்லை. பதிவேட்டில் இந்த எண் தென்பட்டால், இணைய இணைப்பைச் சோதிப்பதையும் திரும்பத் திரும்ப முயல்வதையும் விட்டுவிட்டு, அந்தச் சேவையின் பதிப்பு அறிவிப்புகளைத் தேடிப் படிப்பதுதான் வேலை.

இரண்டாம் தலைமுறை ஆப்பிள் டிவி, ஐஓஎஸ் 6-ம் அதற்கு முந்தியதும் ஓடும் ஐபோன்களில் இருந்த யூடியூப் ஆப், சோனி, பானாசோனிக் நிறுவனங்களின் சில பழைய டிவிகளும் புளூ-ரே பிளேயர்களும் இதில் அடிபட்டன. ஐஓஎஸ் 7-க்கு மாற முடிந்த போன்களுக்குப் புதிய ஆப் கிடைத்தது. மாற முடியாதவர்கள், கருவியில் பிரவுசர் இருந்தால் அதில் m.youtube.com என்ற முகவரியைத் தட்டிப் பார்க்கலாம் என்றது யூடியூப். இரண்டாம் தலைமுறை ஆப்பிள் டிவியில் பிரவுசரே கிடையாது.