ஏழில் ஜெயித்தவருக்கு வெள்ளி, மூன்றில் ஜெயித்தவருக்குத் தங்கம்

1960 செப்டம்பர், ரோம் ஒலிம்பிக். டெகாத்லான் போட்டியில் இரண்டு நண்பர்கள் மோதினார்கள். அமெரிக்காவின் ராஃபர் ஜான்சன், தைவானின் யாங் சுவான்-குவாங். இருவரும் லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரே பயிற்சியாளரிடம் பழகியவர்கள். இரண்டு நாள், பத்துப் போட்டிகள். அவற்றில் ஏழில் ஜான்சனை யாங் முந்தினார். ஆனால் தங்கம் ஜான்சனுக்குப் போனது. ஜான்சன் 8,392 புள்ளிகள், யாங் 8,334. வித்தியாசம் 58.

ஏழுக்கு மூன்று என்று ஜெயித்தவர் எப்படித் தோற்கிறார்? டெகாத்லானில் யார் முதலில் வந்தார் என்பதை யாரும் எண்ணுவதில்லை. ஒவ்வொருவரும் எவ்வளவு வேகம், எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. பள்ளித் தேர்வில் ஏழு பாடத்தில் இரண்டிரண்டு மதிப்பெண் கூட வாங்கிவிட்டு, மூன்று பாடத்தில் இருபது இருபதாகக் கோட்டை விட்டால் மொத்தம் எங்கே நிற்கும் என்பதைப் போன்றது இது. 100 மீட்டர் ஓட்டத்தில் யாங்கின் முன்னிலை 0.2 நொடி, நீளம் தாண்டுதலில் 11 செ.மீ., உயரம் தாண்டுதலில் 5 செ.மீ. ஜான்சன் ஜெயித்த மூன்றும் எறியும் போட்டிகள். குண்டு எறிதலில் அவர் 15.82 மீட்டர், யாங் 13.33. வட்டு எறிதலில் 48.49 மீட்டருக்கு எதிரே 39.83. ஈட்டியில் மட்டும் ஒன்றரை மீட்டர் இடைவெளி. இன்றைய அட்டவணையை வைத்துப் பார்த்தால் குண்டும் வட்டுமே ஜான்சனுக்கு 331 புள்ளிகள் கூடுதலாகத் தருகின்றன. மற்ற ஏழில் யாங் சிறுகச் சிறுகச் சேர்த்ததெல்லாம் அந்த இரண்டில் கரைந்துபோனது.

அட்டவணை என்கிறோமே, அது என்ன? 1985 முதல் நடைமுறையில் உள்ள அட்டவணைக்குப் பின்னால் ஒரு சூத்திரம் இருக்கிறது. பத்துப் போட்டிக்கும் சூத்திரத்தின் வடிவம் ஒன்றுதான், எண்கள் மட்டும் வேறு. 100 மீட்டர் ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பூஜ்யக் கோடு 18 நொடி. 18 நொடியில் ஓடினால் புள்ளி கிடையாது. அதைவிட எத்தனை நொடி குறைவாக ஓடினாரோ அந்த எண்ணை 1.81 என்ற அடுக்குக்கு உயர்த்தி, 25.4347 ஆல் பெருக்க வேண்டும். 10.55 நொடியில் ஓடியவருக்கு:

25.4347 × (18 − 10.55)^1.81 = 963.89

அவருக்குக் கிடைப்பது 963 புள்ளிகள். தசமத்துக்குப் பின்னால் எதுவாக இருந்தாலும் வெட்டிவிடுவார்கள், 964 ஆக்கமாட்டார்கள். தாண்டும், எறியும் போட்டிகளில் கழித்தல் தலைகீழாக நடக்கும். உயரம் தாண்டுதலில் 75 செ.மீ., ஈட்டியில் 7 மீட்டர் என்று ஓர் அடிக்கோடு. தாண்டிய அளவிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். 1,500 மீட்டர் ஓட்டத்துக்குப் பூஜ்யக் கோடு 8 நிமிடம். வேகமாக நடக்கத் தெரிந்தவர் கொஞ்சம் ஓடினாலே அதற்குள் முடித்துவிடலாம்.

சூத்திரத்தில் முக்கியமான இடம் அந்த அடுக்கு. பத்துப் போட்டியிலும் அது 1-க்கு மேல்தான் இருக்கிறது. அப்படியென்றால் மேலே போகப் போக ஒவ்வொரு அடிக்கும் புள்ளி கூடிக்கொண்டே போகும். 100 மீட்டரில் 12.0 நொடியிலிருந்து 11.9-க்கு வந்தால் கூடுவது 20 புள்ளி. 10.5-லிருந்து 10.4-க்கு வந்தால் 24. மேல்மட்டத்தில் கிடைக்கும் முன்னேற்றத்துக்கு அட்டவணை கூடுதல் மரியாதை தருகிறது என்பது உண்மை. ஆனால் எவ்வளவு? வெறும் 4 புள்ளி. 12 நொடியில் ஓடும் இளைஞர் ஒருவர் ஒழுங்காகப் பயிற்சி எடுத்தால் சில மாதங்களில் அந்தப் பத்தில் ஒரு பங்கு நொடியைக் குறைத்துவிடலாம். 10.5-ல் ஓடுபவருக்கு அதே குறைப்பு வருடக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம். உழைப்பு பல மடங்கு, கூலி ஒன்றேகால் மடங்குகூட இல்லை. சமச்சீரான வீரருக்கு அட்டவணை சாதகமாக இருப்பது இந்த இடத்தில்தான். 'சமநிலைக்குப் பரிசு' என்று தனியாக எந்த விதியும் கிடையாது. பலவீனமான போட்டியில் புள்ளி மலிவாகக் கிடைக்கிறது, பலமான போட்டியில் விலை ஏறிவிடுகிறது, அவ்வளவுதான்.

எறியும் போட்டிகளில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். குண்டு எறிதலின் அடுக்கு 1.05, ஏறக்குறைய நேர்கோடு. 12 மீட்டர் எறிபவரானாலும் 16 மீட்டர் எறிபவரானாலும் ஒரு மீட்டர் கூட்டினால் சுமார் 60 புள்ளி. உயரம் தாண்டுதலில் வல்லவர் ஒருவர் டெகாத்லானுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் 2.29 மீட்டர் தாண்டினால் 1,081 புள்ளி. பக்கத்தில் நிற்கும் சாதாரண டெகாத்லான் வீரர் 2.00 மீட்டர் தாண்டி 803 வாங்குகிறார். 29 செ.மீ. என்பது உயரம் தாண்டுதலில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அதன் மதிப்பு 278 புள்ளிதான். ரோமில் குண்டிலும் வட்டிலும் யாங் பின்தங்கிய அளவுக்கு அவர் பின்தங்கினால் அந்த முன்னிலை முழுவதும் காலி.

2.29 என்ற எண் கற்பனை இல்லை. 2018-ல் டெல்லிக்காரரான தேஜஸ்வின் சங்கர் தாண்டிய இந்திய தேசிய சாதனை உயரம் அது. பிறகு அவர் டெகாத்லானுக்கு மாறினார். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 7,666 புள்ளிகளுடன் வெள்ளி வென்றார், அப்போது அது தேசிய சாதனை. அந்த இடத்துக்கு அவரைக் கொண்டுபோனது உயரம் தாண்டுதல் மட்டுமாக இருக்க முடியாது. 1,081-ஐ அப்படியே தந்தாலும் மீதி ஒன்பது போட்டியில் சராசரியாக 730-க்கு மேல் வாங்கினால்தான் 7,666 வரும்.

இப்போதைய அட்டவணை இப்படி நடந்துகொள்கிறது என்பதால் எல்லா அட்டவணையும் இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. இதே யாங்கின் அடுத்த கதை அதற்குச் சாட்சி. 1963 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் நடந்த போட்டியில் அவர் புதிதாக வந்திருந்த கண்ணாடியிழைக் கோலைக் கொண்டு 4.84 மீட்டர் தாண்டினார். அன்றிருந்த அட்டவணையில் அவ்வளவு உயரத்துக்கு வரிசையே இல்லை. அதன் வளைவு உச்சியில் செங்குத்தாக ஏறும் வகை. ஆகவே அந்த ஒரு போட்டிக்கே 1,500 புள்ளிக்கு மேல் கிடைத்தது. மொத்தம் 9,121. டெகாத்லான் வரலாற்றில் 9,000-ஐத் தாண்டிய முதல் கணக்கு அதுதான். இன்றைய சூத்திரத்தில் அதே 4.84 மீட்டருக்குக் கிடைப்பது 862.

கோலின் பொருள் மாறியதற்காக ஒருவருக்கு அறுநூறு புள்ளிக்கு மேல் இனாம் கொடுப்பது எந்த வகை நியாயம்? நிர்வாகிகள் புதிய அட்டவணையைக் கொண்டுவந்தார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக் அதன்படி நடந்தது, யாங் ஐந்தாவதாக வந்தார். அந்தத் தோல்விக்கு அட்டவணை ஒன்றையே காரணம் சொல்ல முடியாது. ஆனால் உலக சாதனையாளராகப் போனவரின் மிகப் பெரிய ஆயுதம் மழுங்கியிருந்தது மறுக்க முடியாதது. வளைவு செங்குத்தாக இருந்தால் ஒரே வித்தை தெரிந்தவர் பிழைப்பார். வளைவு மிதமாக இருந்தால் பத்தும் தெரிந்தவர் பிழைப்பார். இப்போதைய சூத்திரம் இரண்டாவது பக்கம் சாய்ந்திருக்கிறது.

அதன் பலனைக் கண்ணெதிரே பார்க்க, பிரான்சின் கெவின் மேயர் 2018 செப்டம்பரில் தாலான்ஸ் நகரில் படைத்த 9,126 என்ற உலக சாதனையைப் பிரித்துப் பார்க்கலாம். மேலே கணக்குப் போட்ட 10.55 நொடி அவருடைய ஓட்டம்தான். நீளம் தாண்டுதல் 7.80 மீட்டர், குண்டு சரியாக 16 மீட்டர், உயரம் 2.05, கோலூன்றித் தாண்டுதல் 5.45, ஈட்டி 71.90. இதில் எந்த ஒன்றைக் கொண்டும் அவர் தனிப்போட்டியாக ஒலிம்பிக் பதக்கத்தைத் தொட்டிருக்க முடியாது. கோலூன்றித் தாண்டுதலில்தான் அதிகம், 1,051. குறைந்தது கடைசியாக ஓடிய 1,500 மீட்டரில், 705. மற்ற எட்டும் 850-க்கும் 1,010-க்கும் நடுவில் நெருக்கியடித்து நிற்கின்றன. பள்ளமில்லாத அந்த வரிசைதான் சாதனை.

பள்ளம் விழுந்தால் என்ன ஆகும் என்பதும் மேயருக்குத் தெரியும். அதே ஆண்டு ஆகஸ்டில் பெர்லின் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் நீளம் தாண்டுதலின் மூன்று வாய்ப்பிலும் பலகையைத் தாண்டிக் கால் வைத்தார். மூன்றும் செல்லாது, புள்ளி பூஜ்யம். ஆயிரம் புள்ளி தரும் போட்டியில் பூஜ்யம் வாங்கிவிட்டு மீதியில் அதை ஈடுகட்ட எந்த வீரராலும் முடியாது. போட்டியிலிருந்து விலகினார். அமெரிக்காவின் டான் ஓ'பிரையனுக்கு 1992-ல் நடந்தது இன்னும் கொடுமை. ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் முன்னிலையில் இருந்தவர், கோலூன்றித் தாண்டுதலில் தாம் தொடங்கிய உயரத்தையே மூன்று முயற்சியிலும் தாண்ட முடியாமல் பூஜ்யம் வாங்கி பார்சிலோனாவுக்குப் போகும் அணியிலேயே இடம்பெறவில்லை. கொஞ்சம் தாழ்வாகத் தொடங்கி ஒரு பாதுகாப்பான தாண்டலைப் போட்டிருந்தால் போதும். டெகாத்லான் பயிற்சியாளர்கள் முதல் முயற்சியை அடக்கி வாசிக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இவ்வளவு சொன்ன பிறகு அட்டவணையின் ஓரவஞ்சனையையும் சொல்ல வேண்டும். பத்தில் நீண்ட ஓட்டம் ஒன்றே ஒன்று. 100, 400, தடை ஓட்டம், நீளம் தாண்டுதல், கோலூன்றித் தாண்டுதல் எல்லாமே கால் வேகத்தை நம்பியவை. 1,500 மீட்டரை 3 நிமிடம் 30 நொடியில் ஓடும் உலகத்தர வீரருக்கு 1,186 புள்ளி காத்திருக்கிறது. ஆனால் அதற்கான மெலிந்த உடம்பை வைத்துக்கொண்டு குண்டை 16 மீட்டர் எறிய முடியாது. அதனால் மேயரைப் போன்றவர்கள் 1,500-ஐ மேம்படுத்த மற்ற ஒன்பதைப் பணயம் வைப்பதில்லை. 'சமச்சீர்' என்று நாம் சொல்வது உண்மையில் வேகமும் வலுவும் உள்ள உடம்பின் சமச்சீர்தான்.

டெகாத்லானை அடுத்தமுறை தொலைக்காட்சியில் பார்க்க நேர்ந்தால், 1,500 மீட்டர் ஓட்டம் தொடங்கும் முன் முதலிருவருக்கும் இடையே உள்ள புள்ளி வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேயர் ஓடிய வேகத்தையொட்டி, அதாவது நாலரை நிமிட அளவில், ஒரு நொடிக்குச் சுமார் ஆறரை புள்ளி. 65 புள்ளி முன்னிலை என்றால் பின்னால் இருப்பவர் 10 நொடி முந்தியாக வேண்டும். யார் முதலில் கோட்டைத் தொடுகிறார் என்பதைவிட அந்த இடைவெளியைப் பார்ப்பவருக்குத்தான் பதக்கம் யாருக்கு என்பது முதலில் தெரியும்.