ஒரே மணி அடித்து நின்ற அழைப்பு

பெரியவங்களே, ராத்திரி போன் ஒரே ஒரு மணி அடிச்சு நின்னுடுச்சா? எடுத்துப் பார்த்தா +371-னு தொடங்குற நம்பர். சிங்கப்பூர்ல இருக்கிற பேரனோன்னு மனசு பதறும். கொஞ்சம் பொறுங்க. நம்ம நாட்டு எண் +91, சிங்கப்பூர் +65. இந்த 371, ஐரோப்பாவுல இருக்கிற லாட்வியா. அங்கே நமக்கு யாரு இருக்கா?

இப்படி மணி அடிச்சு நிறுத்துற மோசடிக்காரங்களுக்கு நீங்க போனை எடுக்கவே வேண்டாம். திருப்பிக் கூப்பிடணும், அவ்வளவுதான். அது நிமிஷக் கட்டணம் அதிகமான எண். அந்தப் பக்கம் பாட்டு ஓடும், 'காத்திருங்கள்'னு குரல் வரும். நீங்க காத்திருக்கிற ஒவ்வொரு நிமிஷக் காசுலயும் அவங்களுக்குப் பங்கு உண்டு. ஜப்பான்காரங்க இதுக்கு 'வான்கிரி'னு பேரே வெச்சிருக்காங்க; ஒரு மணி அடிச்சு வெட்டுறதுன்னு அர்த்தம்.

மிஸ்டு கால் வந்ததாலேயே காசு போகாது. திருப்பிக் கூப்பிட்டாத்தான் போகும். பேரன் நம்பரை இன்னைக்கே பேர் போட்டுப் பதிஞ்சு வெச்சுக்குங்க. பேரில்லாத வெளிநாட்டு மிஸ்டு கால் வந்தா, பேரனோட பதிஞ்சு வெச்ச நம்பருக்கே போட்டு, "நீயாப்பா கூப்பிட்டே?"ன்னு கேளுங்க. ஏமாந்து காசு போயிட்டா சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்க.